ஜூனியருக்கு வேலையை எழுதிக் கொடுக்கும்போது

கேள்வி: எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்குப் பெரும்பாலும் மெசேஜிலோ மெயிலிலோதான் வேலை கொடுக்கிறேன். "போன மூணு மாச வாடிக்கையாளர் புகார்களைப் பார்த்து ஒரு ரிப்போர்ட் ரெடி பண்ணுங்க, முடிஞ்சா கொஞ்சம் சீக்கிரம்" என்று எழுதினேன். 14 பக்கம் வந்தது, எனக்கு வேண்டியது அதில் இல்லை, நாளும் தள்ளிப் போனது. அடுத்த முறை கறாராக எழுதினால் "என் மேல ஏதாவது கோபமா?" என்று கேட்கிறார். தெளிவாகவும் இருக்க வேண்டும், அதிகாரம் பண்ணுவது போலவும் தெரியக்கூடாது. எப்படி எழுதுவது?

பதில்:

முதல் மெசேஜை அவர் இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். "ஒரு ரிப்போர்ட்" என்றால் எத்தனை பக்கம், படிக்கப்போவது யார்? "பார்த்து" என்றால் எண்ணிக்கை சொன்னால் போதுமா, காரணமும் தேட வேண்டுமா, தீர்வும் சொல்ல வேண்டுமா? "முடிஞ்சா" என்றால் முடியாவிட்டாலும் பரவாயில்லையா? புதிதாகச் சேர்ந்தவர் இதையெல்லாம் திருப்பிக் கேட்கத் தயங்குவார். இதுகூடத் தெரியவில்லையா என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். எதை விட்டாலும் குறை வந்துவிடும் என்று எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார். 14 பக்கம் அப்படி வந்ததுதான்.

கறாராக எழுதிய மெசேஜை நீங்கள் இங்கே தரவில்லை. பொதுவாக அந்த நேரத்தில் கை தானாக எழுதுவது இப்படி இருக்கும்: "வியாழன் 3 மணிக்குள் வேண்டும். முதலில் ஷீட்டை ஃபில்டர் செய்யவும். பிறகு வகை வாரியாகப் பிரிக்கவும். 2 பக்கத்துக்கு மேல் கூடாது. தாமதம் வேண்டாம்." இதில் மனதைக் குத்துவது தேதி இல்லை. ஏன் வியாழன், ஏன் 2 பக்கம் என்று எங்குமே சொல்லவில்லை. ஆனால் எப்படிச் செய்வது என்று மட்டும் ஒவ்வொரு படியாகச் சொல்லியிருக்கிறது. காரணத்தை மறைத்துவிட்டு செய்முறையை மட்டும் சொன்னால், படிப்பவருக்கு "உனக்கு யோசிக்க வராது, சொன்னதைச் செய்" என்றுதான் காதில் விழும்.

ஆகவே இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். எதற்காக, எதுவரை, எப்போது என்ற மூன்றையும் காரணத்தோடு உறுதியாகச் சொல்லுங்கள். எப்படி என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். இனி உங்கள் புகார் ரிப்போர்ட்டையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் நோக்கம். எழுத உட்காரும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார், என்ன முடிவு எடுக்கப்போகிறார்? வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேலாளர் அடுத்த மாதம் எந்த 2 பிரச்சினைகளை முதலில் சரிசெய்வது என்று முடிவு செய்யப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைச் சொன்ன உடனே பாதி வேலை தெளிவாகிவிடுகிறது. 30 வகைப் புகார்களையும் விவரிக்கத் தேவையில்லை, அதிகம் வருகிற 5 போதும். எண்ணிக்கை வேண்டும், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு உண்மையான புகார் எடுத்துக்காட்டாக வேண்டும், ஏனென்றால் வெறும் எண்ணை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. தீர்வு வேண்டியதில்லை, அது கூட்டத்தில் பேசப்படும். "புகார்களைப் பகுப்பாய்வு செய்யவும்" என்று எழுதினால் இவற்றில் ஒன்றும் வராது. பகுப்பாய்வு என்பது செயல். அவருக்குத் தெரிய வேண்டியது அதன் பயன்.

இந்தக் கேள்விக்கு உங்களாலேயே பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்த வேலையை இன்னும் கொடுக்காதீர்கள். நமக்கே தெளிவில்லாததை வார்த்தைகளில் சுற்றி ஜூனியரிடம் தள்ளினால், மூன்று நாள் கழித்து அதே குழப்பம் 14 பக்கமாகத் திரும்பி வரும். அப்படிப்பட்ட வேலை என்றால் முதலில் ஒரு 10 நிமிடம் அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, பேசியதை எழுதி அனுப்புங்கள்.

அடுத்து எல்லை. பலரும் சொல்லாமல் விடுவது இதைத்தான். "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே" என்று எழுதச் சங்கடப்பட்டு விட்டுவிடுகிறோம். பிறகு அவர் எல்லை தாண்டும்போது கோபப்படுகிறோம், இல்லையென்றால் எல்லைக்கு ரொம்ப முன்பே நின்றுவிட்டார் என்று அலுத்துக்கொள்கிறோம். எல்லையைச் சொல்வது ஜூனியருக்கு உண்மையில் ஒரு நிம்மதி. எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்தால்தான் எங்கே தைரியமாக இறங்கலாம் என்றும் தெரியும்.

எல்லையில் மூன்று வகை உண்டு. ஒன்று, தொடக்கூடாதது: வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எதுவும் ரிப்போர்ட்டில் வரக்கூடாது, கூட்டத்துக்கு வெளியாட்களும் வருகிறார்கள். இன்னொன்று, எவ்வளவு உழைப்பு போதும் என்பது. மூன்றாவது, அவரே எதையெல்லாம் முடிவு செய்துகொள்ளலாம் என்பது: எந்தப் புகாரை எந்த வகையில் சேர்ப்பது, ரிப்போர்ட்டில் அட்டவணை போடுவதா வரைபடம் போடுவதா என்பதெல்லாம் அவர் விருப்பம். இந்த மூன்றாவதைக் கட்டாயம் எழுதிவிடுங்கள். முதல் வகையை மட்டும் எழுதினால் தடைகளின் பட்டியல் போல இருக்கும். பக்கத்திலேயே "இது உங்கள் முடிவு" என்று ஒரு வரி வந்தால் மொத்த மெசேஜின் குரலும் மாறிவிடும். எத்தனை "ப்ளீஸ்" போட்டாலும் அந்த மாற்றம் வராது.

உழைப்பின் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "ஒண்ணரை நாள் போதும்" என்று மனதில் தோன்றியதை எழுதிவிடாதீர்கள், ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதுங்கள். ஷீட்டில் 240 புகார்கள் இருக்கின்றன என்றால், நீங்களே 20 புகார்களைப் படித்து வகை பிரித்துப் பாருங்கள். 25 நிமிடம் ஆகிறது என்றால் 240-க்கு 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். அது பழகிய உங்கள் வேகம். புதியவருக்கு ஒன்றரை மடங்கு என்று வைத்தால் ஏழரை மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு முழு நாள். எழுதுவதற்கு அரை நாள். ஆக ஒன்றரை நாள். இப்போது இந்தக் கணக்கையும் மெசேஜில் ஒரு வரியாகச் சொல்லிவிடலாம். அவருக்கு அதற்கு மேல் ஆகிறது என்றால், ஷீட்டில் ஏதோ எதிர்பாராத சிக்கல் இருக்கிறது என்று இருவருக்கும் புரியும். "இவ்வளவு நேரமா எடுப்பீர்கள்?" என்ற பேச்சே வராது.

எது கட்டாயம், எது வசதிப்பட்டால் செய்வது என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். இணையத் தொழில்நுட்ப விதிகளை எழுதுகிறவர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. 1997-ல் வெளிவந்த RFC 2119 என்ற ஆவணம், விதிகளில் 'மஸ்ட்' என்றால் விலக்கே இல்லாத கட்டாயம், 'ஷுட்' என்றால் தகுந்த காரணம் இருந்தால், விளைவை யோசித்துவிட்டு விலகலாம், 'மே' என்றால் விருப்பம் என்று வரையறுத்து வைத்தது. நமக்கு அவ்வளவு இறுக்கம் வேண்டாம். "கட்டாயம்", "நேரம் இருந்தால்" என்று இரண்டு சொற்களை மெசேஜ் முழுக்க ஒரே பொருளில் பயன்படுத்தினால் போதும். ஒரு இடத்தில் "இருந்தால் நல்லது" என்று எழுதிவிட்டு, அது இல்லை என்று பிறகு வருத்தப்படக்கூடாது.

இனி கெடு. "வெள்ளிக்குள்" என்று எழுதினால் ஒருவர் வியாழன் இரவு என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் வெள்ளி இரவு என்று எடுத்துக்கொள்வார். "நாள் முடிவதற்குள்" என்பது ஒருவருக்கு அலுவலகம் முடிகிற நேரம், மற்றவருக்கு நள்ளிரவு. கிழமை, தேதி, மணி மூன்றையும் எழுதுங்கள். கிழமையும் தேதியும் சேர்ந்திருந்தால் நீங்கள் ஒன்றைத் தப்பாக எழுதியிருந்தாலும் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். இருவரும் வேறு வேறு நாட்டில் இருந்தால் யாருடைய நேரம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பின்னால் என்ன காத்திருக்கிறது என்பதையும் சேருங்கள். "வியாழன் மாலை 3 மணிக்கு வேண்டும்" என்பது கட்டளை. "கூட்டம் வெள்ளி காலை 11 மணிக்கு. அதற்கு முன் நான் படித்து, திருத்தம் ஏதாவது இருந்தால் இருவரும் பேசிச் சரிசெய்ய அரை நாள் வேண்டும். அதனால் வியாழன் மாலை 3 மணி" என்பது கணக்கு. அந்த நேரத்தை உங்கள் மனம் தீர்மானிக்கவில்லை, கூட்டம் தீர்மானிக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. இன்னொரு லாபமும் உண்டு: கூட்டம் தள்ளிப்போனது அவர் காதில் விழுந்தால் அவரே வந்து கேட்பார்.

பொய்க் கெடு வைக்காதீர்கள். வெள்ளி தேவைப்படுவதற்கு செவ்வாய் என்று சொல்லி வைப்பது பலருடைய பழக்கம். ஒருமுறை அவர் இரவு உட்கார்ந்து முடித்து செவ்வாய் காலை அனுப்ப, நீங்கள் அதை வியாழன்தான் திறக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் வைக்கிற எந்தக் கெடுவுக்கும் மதிப்பிருக்காது. இடையில் ஒரு நாள் உங்களுக்கு வேண்டும் என்றால், மேலே சொன்னது போல அதையே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

புதியவருக்குக் கொடுக்கும்போது நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் வையுங்கள். முழு வேலையில் பத்தில் ஒரு பங்கு முடிந்ததும் காட்டச் சொல்லுங்கள். 240 புகாரில் முதல் 25-ஐ வகை பிரித்து அனுப்பினால், பார்க்க உங்களுக்கு 5 நிமிடம்கூட ஆகாது. "பில் தப்பு", "பணம் அதிகமாகப் பிடித்துவிட்டார்கள்" இரண்டையும் அவர் தனித்தனி வகையாக வைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கடைசியில் தெரிந்தால் ஒரு நாள் வேலை வீண். இந்த நிறுத்தத்தைக் கண்காணிப்பு என்று அவர் நினைத்துவிடாமல் இருக்க, எதற்காக என்று சொல்லிவிடுங்கள்: "வகைகள் நாம் இருவரும் நினைப்பது ஒன்றுதானா என்று பார்க்க."

சரி, குரல். பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதர்கள் எப்படிப் பணிவாகப் பேசுகிறார்கள் என்பதை ஆராய்ந்தார்கள். அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது அது எவ்வளவு கனமாக விழும் என்பது மூன்றைப் பொறுத்தது என்றார்கள்: இருவருக்கும் உள்ள பழக்கம், இருவருக்கும் உள்ள அதிகார வித்தியாசம், கேட்கிற காரியத்தின் பாரம். உங்கள் விஷயத்தில் மூன்றுமே அந்தக் கனத்தைக் கூட்டுகின்றன. அவர் புதியவர், நீங்கள் மேலே, வேலை ஒன்றரை நாள். பழகிய சக ஊழியருக்கு உறுத்தாத அதே வரி இவருக்கு உறுத்துவது இதனால்தான். அவர் தொட்டாற்சுருங்கி என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மென்மை வேண்டும்தான். எங்கே வைப்பது என்பதில்தான் தவறுகிறோம். "முடிஞ்சா", "கொஞ்சம்", "டைம் கிடைச்சா" போன்றவற்றைக் கெடுவுக்கும் கட்டாயத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். வைத்தால் கெடுவே கரைந்துவிடும். அவருடைய நிலைமையைக் கேட்கிற இடத்தில் வையுங்கள்: "இந்த வாரம் கையில் வேறு என்ன வேலை இருக்கிறது? இடிக்கிற மாதிரி இருந்தால் இன்றே சொல்லுங்கள், எதைத் தள்ளிவைப்பது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்." இது உண்மையான மரியாதை. அவர் இல்லை என்று சொல்ல இடம் கொடுக்கிறது, அதே சமயம் தேதியையும் தொடவில்லை.

வினை முடிகிற விதத்தையும் பாருங்கள். "அனுப்பவும்", "முடிக்கவும்" என்றால் சுற்றறிக்கை வாடை அடிக்கும், எதிரில் ஆள் இருப்பதே தெரியாது. "அனுப்புங்கள்" என்பதே இயல்பாகவும் மரியாதையாகவும் இருக்கிறது. பேச்சு நடையில் எழுதுகிற வழக்கம் இருந்தால் "அனுப்பிடுங்க". "அனுப்ப முடியுமா?" என்பதை, முடியாது என்று அவர் சொன்னால் ஏற்றுக்கொள்ள நீங்கள் தயாராக இருக்கும் இடத்தில் மட்டும் எழுதுங்கள். வேறு வழியில்லாத வேலையைக் கேள்வியாகப் போட்டால், சிலர் அதை நிஜமாகவே கேள்வி என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் தனியாகச் செய்யப்போகிற வேலைக்கு "நாம முடிச்சிடலாம்" என்றும் எழுதாதீர்கள். நீங்களும் கூட உட்காரப்போகிறீர்கள் என்று நினைத்துக் காத்திருப்பார்.

இன்னும் ஒன்று, வேலை கொடுக்கிற மெசேஜில் போன தடவை நடந்ததை இழுக்காதீர்கள். "போன தடவை மாதிரி 14 பக்கம் வேண்டாம்" என்ற ஒரே வரி போதும், மீதி எவ்வளவு அன்பாக எழுதினாலும் அவர் மனதில் அதுதான் நிற்கும். அதைத் தனியாக, நேரில் பேசிக்கொள்ளலாம். "2 பக்கம், ஏனென்றால் கூட்டத்தில் இதற்கு 10 நிமிடம்தான்" என்றாலே அந்த வேலை முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் சேர்த்தால் 10-ம் தேதி திங்கள் காலை நீங்கள் அனுப்புகிற மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருக்கும். அவர் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்:

"வணக்கம். வெள்ளி (14-ம் தேதி) காலை 11 மணிக் கூட்டத்தில், அடுத்த மாதம் எந்த 2 பிரச்சினைகளை முதலில் சரிசெய்வது என்று மேலாளர் முடிவெடுக்கிறார். அதற்கு உதவியாக, கடந்த 3 மாதப் புகார்களிலிருந்து ஒரு 2 பக்கக் குறிப்பை நீங்கள் தயாரிக்க வேண்டும். கூட்டத்தில் இதற்கு 10 நிமிடம்தான், அதனால்தான் 2 பக்கம்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: அதிகம் வந்த 5 வகைப் புகார்கள், ஒவ்வொன்றின் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு உண்மையான எடுத்துக்காட்டு. நேரம் இருந்தால்: மாதத்துக்கு மாதம் கூடியதா குறைந்ததா என்பது. தீர்வுகள் வேண்டாம், கூட்டத்தில் பேசுவார்கள்.

வாடிக்கையாளர் பெயர், நம்பர் எதுவும் வரக்கூடாது. வெளியாட்களும் படிப்பார்கள். எப்படி வகை பிரிப்பது, அட்டவணையா வரைபடமா என்பது உங்கள் முடிவு. ஷீட்டில் ஏதாவது புரியவில்லை என்றால் சப்போர்ட் டீமிடம் நேரடியாகக் கேட்கலாம், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

20 புகார்களைப் பிரித்துப் பார்த்தேன், 25 நிமிடம் ஆனது. அதை வைத்துப் பார்த்தால் மொத்தம் ஒன்றரை நாள் ஆகும் என்று நினைக்கிறேன். அதைவிடக் கூடும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.

செவ்வாய் (11-ம் தேதி) மதியம் 12 மணிக்கு முதல் 25 புகார்களை வகை பிரித்து அனுப்புங்கள். வகைகள் நாம் இருவரும் நினைப்பது ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளலாம். முழுக் குறிப்பு வியாழன் (13-ம் தேதி) மாலை 3 மணிக்கு. திருத்தம் இருந்தால் சேர்ந்து பார்க்க அரை நாள் கிடைக்கும்.

இந்த வாரம் கையில் வேறு என்ன வேலை இருக்கிறது? இடித்தால் இன்றே சொல்லுங்கள், எதைத் தள்ளிவைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்."

நீளம்தான். புதியவருக்கு முதல் சில வேலைகளில் இந்த நீளம் தேவை. கட்டாயம் எது, அவர் முடிவு எது என்று பழகியதும் முதல் பத்தியும் தேதியும் போதும். பழகிய பிறகும் இவ்வளவு விவரமாக எழுதிக்கொண்டே இருந்தால் அதுவே நம்பிக்கை இல்லை என்று சொல்வது போலாகிவிடும்.

அனுப்பிய பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். "எதிலிருந்து தொடங்கப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். "ஷீட்டில் மூடிய புகார்களும் இருக்கு, அதையும் எண்ணலாமான்னு பார்க்கிறேன்" என்று பதில் வந்தால் மெசேஜ் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் யோசிக்காத ஒன்றை அவர் யோசிக்கிறார். "ரிப்போர்ட்டுக்கு ஒரு நல்ல டெம்ப்ளேட் தேடிட்டிருக்கேன்" என்று வந்தால் நோக்கம் இன்னும் பிடிபடவில்லை. மறுபடி எழுதாமல் போனில் 5 நிமிடம் பேசிவிடுங்கள்.

நடுவில் ஏதாவது மாறினால், பழைய மெசேஜைத் திருத்தி வைக்காமல் புதிதாக ஒன்று எழுதுங்கள். எது மாறியது, எது மாறவில்லை, ஏற்கெனவே செய்ததில் எது பயன்படாது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். "கூட்டம் புதன் மாலைக்கு வந்துவிட்டது. அதனால் குறிப்பு புதன் மதியம் 12 மணிக்கு வேண்டும், 5 வகைக்குப் பதில் 3 போதும், மாத ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே. நேரம் குறைந்ததால் எடுத்துக்காட்டுகளை நான் தேடித் தருகிறேன்" என்பது போல. நாளைக் குறைக்கும்போது வேலையையும் சேர்த்துக் குறைத்திருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். நாளை மட்டும் குறைத்துவிட்டு மீதியை அப்படியே வைத்தால், எந்தச் சொல்லில் எழுதினாலும் அது அதிகாரமாகத்தான் தெரியும்.